ஈட்டியை எறியும் இடது கால்

2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோவில் ஈட்டி எறிதல் இறுதிச் சுற்று தொடங்கியபோது, தங்கம் யாருக்கு என்பதில் பெரிய சந்தேகம் எவருக்கும் இருக்கவில்லை. ஜெர்மனியின் யோஹானஸ் வெட்டர் அதற்கு முந்தைய ஆண்டு போலந்தில் 97.76 மீட்டர் எறிந்திருந்தார். யான் ஜெலெஸ்னி 1996-ல் படைத்த உலக சாதனையான 98.48 மீட்டருக்கு அது 72 சென்டிமீட்டர்தான் குறைவு. ஒலிம்பிக் ஆண்டிலும் மே மாதம் 96.29 எறிந்துவிட்டு வந்திருந்தார். அந்த வரிசையில் நின்ற மற்றவர்களுக்கு 90 மீட்டரைத் தாண்டுவதே அரிய காரியம்.

அன்று வெட்டரால் எறிய முடிந்தது 82.52 மீட்டர். மற்ற இரண்டு வாய்ப்புகளும் ஃபவுல். முதல் மூன்று எறிகளுக்குப் பிறகு எட்டுப் பேர்தான் தொடர முடியும். வெட்டர் ஒன்பதாவது இடத்தில் நின்று பையைத் தூக்கிக்கொண்டு போனார். 87.58 மீட்டரோடு நீரஜ் சோப்ரா தங்கம் வென்ற கதையை நாம் ஆயிரம் முறை பார்த்துவிட்டோம். வெட்டருக்கு என்ன ஆயிற்று என்பதை அந்தக் கொண்டாட்டத்தில் நம்மில் பலர் கவனிக்கவே இல்லை.

அவர் கையில் கோளாறு இல்லை. ஓடி வந்து கடைசி அடியில் இடது காலை ஊன்றும்போது அது நின்ற இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. ஓடுதளத்தின் பரப்பு தன் முறைக்கு மிக மென்மையாக இருந்தது என்று போட்டிக்குப் பின் அவரே சொன்னார். அதே தளத்தில்தான் நீரஜும் எறிந்தார், வெள்ளி வென்ற செக் நாட்டு யாக்குப் வாட்லேவும் எறிந்தார். தளம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் வெட்டர் அளவுக்கு முன்காலை நம்பி எறிபவர் அந்தக் களத்தில் வேறு யாரும் இல்லை. வலது கையால் எறிபவருக்கு இடது கால் ஏன் இவ்வளவு முக்கியம் என்று தெரிந்தால்தான் அந்தப் பதினைந்து மீட்டர் எங்கே போனது என்று புரியும்.

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்கலாம். ஆண்கள் எறியும் ஈட்டியின் எடை 800 கிராம். நல்ல எறியில் அது கையை விட்டுக் கிளம்பும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர். மணிக்கு 108 கிலோமீட்டர். அந்த ஈட்டியின் இயக்க ஆற்றல் 360 ஜூல். இப்போது எறிபவரைப் பாருங்கள். 90 கிலோ உடம்பு, கடைசி அடிகளில் நொடிக்கு 6 மீட்டர் வேகம். அந்த உடம்பில் இருக்கும் இயக்க ஆற்றல் 1,620 ஜூல். அதாவது ஈட்டிக்குத் தேவையானதைப் போல நான்கரை மடங்கு ஆற்றல், கை அசைவதற்கு முன்பே ஓட்டத்தில் சேர்ந்துவிடுகிறது. சிக்கல் என்னவென்றால் அது 90 கிலோ முழுவதும் பரவிக் கிடக்கிறது. 90 கிலோவில் இருப்பதை 800 கிராமுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம், இடது கால் தரையைத் தொட்டதிலிருந்து ஈட்டி விரலை விடும் வரை, ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்குதான்.

ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறீர்கள், ஓட்டுநர் சடாரென்று பிரேக் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதம் பேருந்தோடு சேர்ந்து நின்றுவிடும். இடுப்பு கொஞ்சம் முன்னே போகும். தோளும் தலையும் அதைவிட வேகமாகப் போய் முன்சீட்டில் இடிக்கும். அந்தக் கடைசிக் கணத்தில் உங்கள் தலை பேருந்தைவிட வேகமாகப் போயிருக்கும். கீழே நிறுத்தினால் மேலே வேகம் கூடுகிறது. ஈட்டி எறிபவர் இதையேதான் வேண்டுமென்றே செய்கிறார். இடது கால்தான் அவருடைய பிரேக். களத்தில் இதற்கு ‘பிளாக்’ என்று பெயர்.

ஆனால் பிரேக் போட வேண்டிய இடத்துக்கு உடம்பு சரியான நிலையில் வந்து சேர வேண்டும். ஓட்டத்தின் வேலை அதுதான். தொடக்கத்தில் எறிபவர் ஈட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நேராக ஓடுகிறார். இந்தப் பகுதியில் பெரிய ரகசியம் இல்லை. சீராக வேகம் கூடினால் போதும். பிறகு ஈட்டியைப் பின்னுக்கு இழுத்துக் கையை நீட்டி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலின் குறுக்கே மறுகாலை வீசி ஓடும் ‘கிராஸ்’ அடிகள் வருகின்றன. முதல் தடவை பார்ப்பவருக்கு நண்டு ஓடுகிறதோ என்று தோன்றும். பக்கவாட்டில் ஓடும்போது வேகம் குறையத்தான் பார்க்கும். அதைக் குறையவிடாமல் வைத்திருப்பதில்தான் பல ஆண்டுப் பயிற்சி போகிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் முதல் பத்து அடியைப் பறந்து ஓடிவந்துவிட்டு, கிராஸ் அடியில் தயங்கி, கடைசியில் ஏறக்குறைய நின்ற இடத்திலிருந்துதான் எறிவார்கள். அவர்கள் ஓடியது அத்தனையும் வீண்.

கடைசிக்கு முந்தைய அடி நீளமானது, ஆனால் உயரமில்லாதது. மேலே எம்பினால் கீழே வரும்போது வலது முழங்கால் மடங்கி, அந்த இறக்கத்திலேயே வேகம் செத்துவிடும். இந்த அடியில் வலது கால் தரையில் படுவதற்கு முன்பே இடது கால் அதைக் கடந்து முன்னே போய்விட்டிருக்க வேண்டும். அப்போதுதான் வலது கால் பட்ட கையோடு, சுமார் 0.2 நொடியில், இடது காலும் ஊன்றும். வலது பாதம் பட்டபின் இடது காலைத் தூக்கிப் போகலாம் என்று காத்திருப்பவருக்குள் அந்த இடைவெளியில் உடம்பு முன்னால் வந்துவிடும். பிளாக் விழும்போது தோள் ஏற்கெனவே காலுக்கு மேலே இருந்தால், எறிவதற்கு மிச்சம் தூரம் இருக்காது.

இடது கால் எப்படி விழுகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அது உடம்புக்கு வெகுதூரம் முன்னால், முழங்கால் ஏறக்குறைய நேராக, குதிகால் முதலில் படும்படி விழுகிறது. ஈட்டி எறிபவரின் காலணியை வாங்கிப் புரட்டிப் பார்த்தால் இது தெரியும். வேக ஓட்டக்காரரின் ஸ்பைக்ஸில் முள் முன்பாதத்தில் மட்டும்தான் இருக்கும். ஈட்டிக் காலணியில் குதிகாலிலும் முள் உண்டு. செயற்கைத் தளத்தில் மற்ற போட்டிகளுக்கு முள்ளின் நீளம் 9 மில்லிமீட்டர் வரைதான். ஈட்டிக்கும் உயரம் தாண்டுதலுக்கும் மட்டும் 12 வரை விதி அனுமதிக்கிறது. கணுக்கால் பிசகாமல் இருக்க இடது காலணி பெரும்பாலும் கணுக்காலுக்கு மேலே ஏறி, பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். எறிபவரின் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்த ஒரு குதிகாலில் ஒரு கணத்தில் இறங்குகிறது. டோக்கியோவில் வெட்டருக்கு இந்த முட்கள் பிடிக்க வேண்டிய பிடியைப் பிடிக்கவில்லை.

அந்தக் கால் உறுதியாக நின்றால் மூன்று காரியம் ஒன்றாக நடக்கிறது.

உடம்பின் இடது பக்கம் நின்றுவிடுகிறது. வலது பக்கத்தை நிறுத்த எதுவும் இல்லை. எனவே வலது இடுப்பு, நின்றுவிட்ட இடது இடுப்பைச் சுற்றி முன்னால் திரும்புகிறது. நேராக வந்த வேகம் இங்கே சுழல் வேகமாக மாறுகிறது. கூடவே, கால் முன்னால் ஊன்றியிருப்பதால் உடம்பு முழுவதும் அந்தக் குதிகாலை மையமாக வைத்து முன்னோக்கிச் சாய்கிறது. தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகம். இடுப்பைவிடத் தோளுக்கும், தோளைவிடக் கைக்கும் அதிகம். மூன்றாவது, நேரான கால்மீது ஏறிப் போகும் உடம்பு கொஞ்சம் மேலேயும் தூக்கப்படுகிறது. ஈட்டி 35 பாகைக்கு அருகில் மேல்நோக்கிக் கிளம்ப இந்தத் தூக்கல் உதவுகிறது. கால் தூக்காவிட்டால் கைதான் தூக்க வேண்டும். அப்போது ஈட்டியின் மூக்கு மேலே எழும்பிக்கொள்ளும், அகலமாகக் காற்றை வாங்கிப் பாதியிலேயே உட்கார்ந்துவிடும்.

இடுப்பு திரும்பத் தொடங்கும்போது தோள் திரும்பியிருக்கக் கூடாது. எறிதலின் நுட்பமான இடம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். இடுப்பு எறியும் திசையைப் பார்க்கிறது, மார்பு இன்னும் பக்கவாட்டில் இருக்கிறது, கை அதற்கும் பின்னால் நீண்டு கிடக்கிறது. இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே வயிற்றின் பக்கத் தசைகளும், மார்புக்கும் கைக்கும் நடுவே மார்புத் தசைகளும் இழுபட்டு விறைக்கின்றன. இழுபட்ட தசை சுருங்கும்போது, சும்மா இருந்து சுருங்கும் தசையைவிட அதிக விசை தரும். இடுப்பு தன் உச்ச வேகத்தைத் தொட்டுக் குறையத் தொடங்கும்போது தோள் பாய்கிறது. தோள் குறையும்போது முழங்கை காதோரமாக முன்னே வருகிறது. முழங்கை தளரும்போது முன்கை விரிந்து, கடைசியில் விரல்கள். ஒவ்வொன்றும் தனக்கு முந்தையது நிற்கும்போதுதான் கிளம்புகிறது. ஒவ்வொன்றும் முந்தையதைவிட எடை குறைந்தது. காலும் உடற்பகுதியும் சேர்ந்து எழுபது எண்பது கிலோ, கை ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் கூட, கடைசியில் 800 கிராம். கைமாறக் கைமாற எடை குறைந்துகொண்டே போவதால் வேகம் ஏறிக்கொண்டே போகிறது.

இதில் இடது கைக்கும் ஒரு வேலை உண்டு. எறிவதற்கு முன் அது முன்னால் நீண்டிருக்கும். பிளாக் விழுந்ததும் மடங்கி விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இடது பக்கம் மேலேயும் நிற்க வேண்டுமல்லவா? அந்தக் கை பின்னால் வீசிப் போனால் இடது தோளும் திறந்துகொண்டு போகும். கீழே கால் போட்ட பிரேக் மேலே எட்டாது.

இவ்வளவும் நடக்கும் அந்த எட்டில் ஒரு பங்கு நொடியில் ஈட்டி கடக்கும் தூரம் இரண்டு மீட்டர் சொச்சம். உடம்பின் வேகத்தோடு, நொடிக்கு ஆறு ஏழு மீட்டரில் வந்த ஈட்டி, அந்தத் தூரத்துக்குள் முப்பதைத் தொடுகிறது. கையை வேகமாக வீச வேண்டும் என்று எறிபவர் நினைத்த மாத்திரத்தில் காரியம் கெடும் என்பது இதனால்தான். கை முந்திவிட்டால், இடுப்பும் தோளும் கொண்டுவரும் வேகத்துக்கு அது காத்திருப்பதில்லை. பயிற்சியாளர்கள் புதியவர்களிடம் “கையை மற, கையை மற” என்று கத்துவதைக் கேட்டிருக்கலாம். கையைப் பின்னால் விட்டுவிட்டு வரப் பழகுவது மனதுக்கு ஒவ்வாத காரியம். எறியப் போகிறோம் என்றதும் கைதான் முதலில் துடிக்கும்.

முன்கால் மடங்கினால் என்ன ஆகும்? முழங்கால் வளைந்து இடுப்பு அதன்மேல் வழிந்து போய்விடும். இடது பக்கம் நிற்காததால் வலது இடுப்புக்குச் சுற்றுவதற்கு அச்சு கிடைக்காது. ஓட்டத்தின் வேகம் ஈட்டிக்குப் போகாமல் எறிபவரிடமே தங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஈட்டி போன பிறகு ஆள் என்ன செய்கிறார் என்று பார்த்தால் போதும். மூன்று நான்கு அடி சுலபமாக ஓடிக் கோட்டருகே நிற்கிறார் என்றால், ஈட்டிக்குப் போயிருக்க வேண்டிய வேகத்தோடுதான் அவர் ஓடிக்கொண்டிருக்கிறார். பிளாக் சரியாக விழுந்தவர் காலுக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டவர்போல மறுகாலில் இறங்கித் தடுமாறுவார். நீரஜ் பல எறிகளில் கையூன்றி முன்னால் விழுவது இதனால்தான், வெட்டரும் விழுகிறவர்தான். மண் தரையில் எறியும் பள்ளி மாணவர்களுக்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. எறிந்துவிட்டுத் திரும்பி வந்து தடத்தைப் பார்க்கலாம். குதிகால் ஒரே இடத்தில் குழிபறித்திருந்தால் நல்லது. ஒரு முழ நீளத்துக்குக் கீறிக்கொண்டு போயிருந்தால், அந்தக் கீறலில் போனது ஈட்டிக்குப் போக வேண்டியது.

கால் விழும் இடமும் பிசகலாம். எறியும் திசைக்கு வெகுவாக இடப்பக்கம் விலகி ஊன்றினால் இடுப்பு சீக்கிரமே திறந்துவிடும், உடம்பு இடப்புறம் சாயும், ஈட்டி வலப்புறம் ஓடும். குறுக்கே ஊன்றினால் இடுப்பு திரும்பவே இடமிருக்காது. எல்லா வேலையும் தோளுக்கும் முழங்கைக்கும் போய்ச்சேரும். முழங்கையின் உட்புறத் தசைநார் இந்த விளையாட்டில் அடிக்கடி அடிவாங்கும் இடம். நீரஜ் 2019-ல் முழங்கையில் அறுவைசிகிச்சை செய்துகொண்டு அந்தப் பருவத்தையே இழந்தவர். காலும் இடுப்பும் செய்யாத வேலையைக் கை செய்யப் போனால் வலி முதலில் அங்கேதான் தட்டும்.

அப்படியானால் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக ஓடிவந்து காலை ஊன்றினால் போதாதா? போதாது. நிறுத்த முடிகிற வேகம்தான் பயன்படும் வேகம். வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஆற்றல் கூடும். நொடிக்கு 6 மீட்டரிலிருந்து 7-க்குப் போனால் அந்த 90 கிலோ உடம்பின் ஆற்றல் 1,620 ஜூலிலிருந்து 2,205 ஆகிறது. கால் தாங்க வேண்டிய பாரம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஏறிவிட்டது. தாங்காத கால் மடங்கும். மெதுவாக வந்து உறுதியாக நின்றவர் அவரைத் தாண்டி எறிந்துவிட்டுப் போவார். உலகத் தரத்தில் எல்லோருடைய காலும் குச்சிபோல நேராக நிற்பதும் இல்லை. சிலருக்கு முழங்கால் கொஞ்சம் இறங்கி, ஈட்டி விடுபடுவதற்குள் மீண்டும் நிமிர்ந்துவிடும். நிமிராமல் மேலும் மேலும் மடங்குவதுதான் ஆபத்து. ஜெலெஸ்னி ராட்சதர் அல்லர், 1.86 மீட்டர் உயரம், தொண்ணூறு கிலோவுக்கு உட்பட்ட எடை. ஓட்டத்தின் வேகத்தைக் கடைசி அடிவரை குறையாமல் கொண்டுவந்து அதை அப்படியே நிறுத்துவதில்தான் அவர் மற்றவர்களிலிருந்து விலகி நின்றார். 2024 பருவம் முடிந்ததும் நீரஜ் தனக்குப் பயிற்சியாளராக அவரைத் தேர்ந்தெடுத்தது தற்செயலல்ல என்றே நினைக்கிறேன்.

வேகப்பந்து வீச்சைக் கவனிப்பவர்களுக்கு இதில் பாதி தெரிந்த விஷயம். கிரீஸில் முன்கால் நேராக நிற்கும் பந்துவீச்சாளர் ஏன் வேகமாக வீசுகிறார் என்பதற்கும் இதே விடைதான். முழங்கையை வளைத்து நீட்டும் சுதந்திரம் அவர்களுக்கு இல்லை, ஈட்டிக்காரருக்கு உண்டு.

இனி டோக்கியோவுக்குத் திரும்பிக் கணக்கை முடிக்கலாம். காற்றின் விளைவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில், 35 பாகையில், இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் கையை விடும் ஈட்டி 88 மீட்டர் அளவில் விழும். வேகம் 29 ஆனால் 83 மீட்டர். நொடிக்கு ஒரு மீட்டர் குறைந்தால் ஐந்தரை மீட்டர் போச்சு. குதிகால் வழுக்கியதில் வெட்டர் இழந்தது அப்படி இரண்டு மூன்று மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், அவருடைய பழைய எறிகளுக்கும் 82.52-க்கும் நடுவே இருந்த இடைவெளி முழுவதும் கணக்கில் வந்துவிடுகிறது. அவருடைய தோளிலும் கையிலும் வேறெந்தக் குறையையும் தேட வேண்டியதில்லை. ஆற்றலை ஓட்டத்தில் மிக அதிகமாகச் சேர்த்து, மிகக் கடுமையாக நிறுத்துபவர் அவர். கால் நின்றால் மற்றவர்களைவிடப் பத்து மீட்டர் கூட; நிற்காவிட்டால் மற்றவர்களைவிட அதிகம் இழப்பதும் அவரே.

பிரேக் சரியாக விழுந்தாலும் இன்னொரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஈட்டி கையை விட்ட பிறகும் உடம்பில் வேகம் மிச்சமிருக்கும். அதை அடக்க இடம் வேண்டும். தூரத்தை அளப்பது கால் ஊன்றிய இடத்திலிருந்து அல்ல, ஓடுதளத்தின் முனையில் வரைந்திருக்கும் வளைகோட்டிலிருந்து. அந்தக் கோட்டைக் காலோ கையோ தொட்டால் ஃபவுல். கோட்டுக்கு இரண்டு மீட்டர் பின்னால் ஊன்றினால் பாதுகாப்பு. ஆனால் ஈட்டி பறந்த தூரத்தில் இரண்டு மீட்டர் அளவுநாடாவுக்கு எட்டாது. ஒன்றேகால் மீட்டரில் ஊன்றினால் முக்கால் மீட்டர் லாபம். விழும்போது உள்ளங்கை கோட்டில் பட்டால் எல்லாம் போச்சு. 2024-ல் பாரிஸில் நீரஜின் ஆறு எறிகளில் செல்லுபடியானது இரண்டாவது மட்டும்தான்: 89.45. மற்ற ஐந்தும் ஃபவுல். தொடை இடுக்கில் அவருக்கு இருந்த காயம் அந்தப் பருவம் முழுவதும் அவரைத் தயங்க வைத்தது; ஓடிவந்து நிற்கும்போது அந்த இடம்தான் அதிகமாக இழுபடும். பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் அன்று 92.97 எறிந்து ஒலிம்பிக் சாதனையோடு தங்கத்தைக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு மே மாதம், தோஹாவில், நீரஜ் முதல் தடவையாகத் தொண்ணூறைத் தாண்டினார்: 90.23. அதே மாலையில் ஜெர்மனியின் யூலியான் வெபர் கடைசி எறியில் 91.06 போட்டு அவரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார்.